அடுத்த பெரிய எண்: ஒரே நடையில் எல்லா விடைகளும்

எண்கள் ஒரு வரிசையில் இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணுக்கும் வலப்பக்கத்தில், அதைவிடப் பெரியதாக முதலில் வரும் எண் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். நிரலாக்கத்தில் இதை 'அடுத்த பெரிய உறுப்பு' காணும் கணக்கு என்பார்கள். எண்களை வைத்திருக்கும் வரிசைக்கு அணி என்று பெயர். அர்ரே என்றும் சொல்வதுண்டு. வலப்பக்கத்தில் இருப்பவற்றிலேயே மிகப் பெரிய எண்ணை இந்தக் கணக்கு கேட்கவில்லை. தன்னைவிடப் பெரியவற்றுள் மிக அருகில் இருப்பதையே கேட்கிறது. அப்படி ஒன்றும் இல்லையென்றால், இல்லை என்பதன் அடையாளமாக -1 என்று எழுதுவது வழக்கம்.

ஓர் ஊரில் எட்டு நாள்கள் பதிவான உச்ச வெப்பநிலை, டிகிரி செல்சியஸில், கீழே உள்ளபடி இருந்ததாகக் கொள்ளலாம். இடங்களை 0 முதல் எண்ணுவது பெரும்பாலான நிரல்மொழிகளின் வழக்கம். இங்கும் அப்படியே எண்ணப்படுகிறது.

```
இடம்:   0   1   2   3   4   5   6   7
எண்:   34  36  33  32  35  35  37  31
```

ஒவ்வொரு நாளுக்கும், அதைவிட வெப்பம் கூடிய நாள் அடுத்து எப்போது வந்தது என்பது கேள்வி. இடம் 0-இல் 34 இருக்கிறது. மறுநாளே 36 வந்துவிடுகிறது. எனவே அதன் விடை இடம் 1. இடம் 1-இல் உள்ள 36-க்கு நெடுநேரம் விடை இல்லை. 33, 32, 35, 35 ஆகிய நான்கும் அதைவிடச் சிறியவை; இடம் 6-இல் 37 வந்த பிறகுதான் விடை கிடைக்கிறது. இடம் 6-இல் உள்ள 37-க்கும், கடைசியில் நிற்கும் 31-க்கும் விடையே இல்லை. எட்டு இடங்களின் விடைகள் முறையே 1, 6, 4, 4, 6, 6, -1, -1.

நேரடி வழியும் அதன் செலவும்

மனத்தில் முதலில் தோன்றும் வழி எளியது. ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு வலப்பக்கம் உள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வது. பெரியது ஒன்று அகப்பட்டதும் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு வருவது. மேலே உள்ள எட்டு எண்களுக்கு இந்த வழியில் 13 ஒப்பீடுகள் போதும். இவ்வளவு சிறிய அணியில் அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

எண்கள் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகும் நீண்ட அணியில்தான் சிக்கல் தெரியவரும். அங்கே எந்த எண்ணுக்கும் வலப்பக்கத்தில் பெரியது கிடையாது. ஆனால் அது இல்லை என்பதை உறுதிசெய்ய, ஒவ்வோர் இடத்திலிருந்தும் அணியின் முடிவுவரை நடந்தே ஆக வேண்டும். n எண்கள் இருந்தால் மொத்த ஒப்பீடுகள் n(n-1)/2. ஒரு லட்சம் எண்களுக்கு இது 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம் ஆகிறது. அணியின் நீளம் இரட்டித்தால் வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

இந்த வேலை எங்கே வீணாகிறது என்று பார்த்தால் தீர்வின் வழி தென்படும். எடுத்துக்காட்டில் 33-க்கு விடை தேடும்போது 32-ஐக் கடந்து 35 வரை சென்றாகிவிட்டது. அடுத்து 32-க்கு விடை தேடும்போது மறுபடியும் அதே 35-ஐப் பார்க்க வேண்டியிருக்கிறது. 35 ஒருமுறை கண்ணில் பட்டபோதே, தனக்கு முன்னால் விடையின்றி நின்ற 33, 32 இரண்டுக்கும் அதுவே விடை என்று சொல்லியிருக்க முடியும். நேரடி வழி, ஒவ்வோர் எண்ணையும் 'எனக்கு விடை எது?' என்று கேட்கவைக்கிறது. கேள்வியைத் திருப்பி, புதிதாக வரும் எண்ணிடம் 'உனக்கு முன்னால் உள்ளவற்றில் எவற்றுக்கு நீ விடை?' என்று கேட்டால், அணியை ஒரே ஒருமுறை நடந்து முடித்துவிடலாம்.

விடைக்காகக் காத்திருக்கும் இடங்கள்

அப்படிக் கேட்பதற்கு, இதுவரை விடை கிடைக்காத இடங்கள் எவை என்ற கணக்கு எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதை வைத்திருக்க உதவுவது அடுக்கு. ஸ்டாக் என்று நிரலாளர்கள் சொல்வது இதைத்தான். அடுக்கி வைத்த தட்டுகளைப் போல, இதில் புதிதாக வைப்பதும் எடுப்பதும் உச்சியில் மட்டுமே நடக்கும். கடைசியாக வைத்ததுதான் முதலில் வெளியே வரும்.

செய்முறை இவ்வளவுதான். அணியை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். புதிய எண் வந்ததும் அடுக்கின் உச்சியில் உள்ள இடத்தின் எண்ணோடு அதை ஒப்பிட வேண்டும். புதிய எண் பெரியதென்றால், உச்சியில் இருந்த இடத்துக்கு விடை கிடைத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு, அடுத்து உச்சிக்கு வந்ததோடு மறுபடி ஒப்பிட வேண்டும். புதிய எண் பெரியதாக இல்லாதபோது, அல்லது அடுக்கு காலியானபோது, ஒப்பிடுவதை நிறுத்திவிட்டுப் புதிய இடத்தை அடுக்கின் மேல் வைக்க வேண்டும். அதுவும் இனித் தன் விடைக்காகக் காத்திருக்கும்.

உச்சியில் தோற்றவுடன் ஏன் நிறுத்திவிடலாம்? அடியில் உள்ளவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் புதிய எண் விடையாக இருக்காதா? இந்தக் கேள்விக்கான பதில்தான் முறையின் உயிர்நாடி. அடுக்கில் எந்த நேரத்திலும் எண்கள் அடியிலிருந்து உச்சி நோக்கி ஏறுவதே இல்லை. இறங்கும், அல்லது சமமாக இருக்கும். ஓரிடத்தில் அடியில் சிறிய எண்ணும் அதற்குமேல் பெரிய எண்ணும் இருந்ததாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். மேலே இருப்பது அணியில் பிறகு வந்தது. அது வந்தபோதே அடியில் இருந்த சிறிய எண்ணுக்கு விடையாகியிருக்கும்; அந்தச் சிறிய எண் அப்போதே வெளியேறியிருக்கும். எனவே அப்படி ஒரு நிலை வரவே முடியாது. உச்சியில் இருப்பதைவிடச் சிறியது அடியில் எதுவும் இல்லாததால், உச்சியை வெல்லாத எண் கீழே உள்ள எதையும் வெல்லாது.

எண்கள் ஒரே திசையில் மட்டுமே செல்வதால் இதற்கு ஒருதிசை அடுக்கு என்று பெயர் சொல்லலாம். ஆங்கில வழக்கை ஒட்டி மோனோடானிக் ஸ்டாக் என்றும் குறிப்பிடுகிறார்கள். அடுக்கை யாரும் தனியாக வரிசைப்படுத்துவதில்லை. விடை கிடைத்தவற்றை உடனுக்குடன் வெளியேற்றுவதே அந்த ஒழுங்கைத் தானாக உண்டாக்குகிறது.

கிடைக்கும் விடை மிக அருகில் உள்ளதுதானா என்பதும் இதே காரணத்தால் உறுதியாகிறது. ஓர் இடம் அடுக்குக்குள் சென்ற பிறகு, அதைவிடப் பெரிய எண் முதன்முதலில் வரும் கணத்திலேயே அது வெளியேறிவிடும். அதற்கு முன்பு பெரியது ஒன்று வந்திருந்தால், அது இவ்வளவு நேரம் அடுக்கில் தங்கியிருக்காது.

எட்டு எண்களில் ஓர் ஓட்டம்

அடுக்கில் எண்களை வைக்காமல் இடங்களை வைப்பது நல்லது. இடம் தெரிந்தால் எண்ணை அணியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். எண் மட்டும் தெரிந்தால், ஒரே எண் இருமுறை வரும்போது எந்த இடத்தின் விடையை எழுதுவது என்று தெரியாமல் போகும்.

தொடக்கத்தில் அடுக்கு காலி. இடம் 0 உள்ளே செல்கிறது. இடம் 1-இல் 36 வருகிறது. உச்சியில் உள்ள 34-ஐவிட அது பெரியது. எனவே இடம் 0-இன் விடை 1 என்று எழுதப்பட்டு, இடம் 0 வெளியேறுகிறது. அடுக்கு காலியானதால் இடம் 1 உள்ளே செல்கிறது. அடுத்து 33 வருகிறது; 36-ஐ வெல்லவில்லை, மேலே அமர்கிறது. 32 வருகிறது; 33-ஐ வெல்லவில்லை, அதன்மேல் அமர்கிறது. இப்போது அடுக்கில் அடியிலிருந்து 1, 2, 3 ஆகிய இடங்கள். அவற்றின் எண்கள் 36, 33, 32.

இடம் 4-இல் 35 வருகிறது. அது 32-ஐவிடப் பெரியது. இடம் 3-இன் விடை 4. அடுத்து உச்சிக்கு வந்த 33-ஐவிடவும் பெரியது. இடம் 2-இன் விடையும் 4. அதற்கடியில் உள்ள 36-ஐ அது வெல்லவில்லை. அங்கே ஒப்பீடு நிற்கிறது, இடம் 4 உள்ளே செல்கிறது. அடுக்கில் இப்போது 1, 4.

இடம் 5-இல் மறுபடியும் 35. உச்சியில் இருப்பதும் 35. சமம் என்பது பெரியது ஆகாது. எனவே யாரும் வெளியேறவில்லை. இடம் 5 மேலே அமர, அடுக்கு 1, 4, 5 ஆகிறது. இடம் 6-இல் 37 வந்ததும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுகின்றன. 5, 4, 1 ஆகிய மூன்று இடங்களுக்கும் விடை 6. காலியான அடுக்கில் இடம் 6 அமர்கிறது. கடைசியாக வந்த 31 அதன்மேல் அமர்கிறது. அணி முடிந்தபோது அடுக்கில் மிஞ்சியிருப்பவை 6, 7. இவற்றுக்கு விடை இல்லை. -1 அப்படியே நிற்கும்.

பைத்தான் மொழியில் இந்த முறை பத்து வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது.

```python
def next_greater(a):
    n = len(a)
    ans = [-1] * n
    stack = []
    for i in range(n):
        while stack and a[stack[-1]] < a[i]:
            j = stack.pop()
            ans[j] = i
        stack.append(i)
    return ans
```

`stack[-1]` என்பது உச்சியில் உள்ள இடம். `pop` அதை எடுக்கிறது, `append` புதியதை வைக்கிறது. விடையாக இடம் கிடைப்பதால், எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை `ans[j] - j` என்று கழித்தே அறியலாம். எடுத்துக்காட்டில் 36 டிகிரி பதிவான நாளுக்கு அது 6 - 1, அதாவது 5 நாள். அந்த நாளின் வெப்பநிலை வேண்டுமென்றால் `a[ans[j]]` தரும்; விடை -1 ஆக இருந்தால் மட்டும் அப்படிப் படிக்கக் கூடாது. பைத்தானில் `a[-1]` என்பது அணியின் கடைசி எண்ணைக் குறிக்கும் என்பதால், பிழைச்செய்தி எதுவும் இல்லாமலே தவறான எண் வந்து நிற்கும்.

இரண்டு மடக்குகள், ஆனாலும் நேர்கோட்டுச் செலவு

நிரலில் `for` மடக்குக்குள் ஒரு `while` மடக்கு இருக்கிறது. மடக்குக்குள் மடக்கு என்றால் செலவு n-இன் இருமடிதானே என்ற ஐயம் எழுவது இயல்பு. இங்கே அப்படி ஆவதில்லை. ஒவ்வோர் இடமும் அடுக்குக்குள் ஒரே ஒருமுறைதான் செல்கிறது; வெளியேறுவதும் அதிகபட்சம் ஒருமுறைதான். எனவே உள் மடக்கு, ஓட்டம் முழுவதற்கும் சேர்த்து, n தடவைக்கு மேல் யாரையும் வெளியேற்ற முடியாது. வெளியேற்றத்தில் முடியாத ஒப்பீடு, ஒவ்வொரு புதிய எண்ணுக்கும் ஒன்றுக்கு மேல் இல்லை. அத்தகைய முதல் ஒப்பீட்டிலேயே மடக்கு நின்றுவிடும். ஆகவே மொத்த ஒப்பீடுகள் 2n-ஐத் தாண்டாது.

மேலே கண்ட ஓட்டத்தில் வெளியேற்றத்தில் முடிந்த ஒப்பீடுகள் 6, முடியாதவை 5, மொத்தம் 11. நேரடி வழியின் 13-ஐவிட இது பெரிய ஆதாயம் அன்று. ஆனால் இறங்கிக்கொண்டே போகும் ஒரு லட்சம் எண்களில், நேரடி வழிக்கு ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடுகள் தேவைப்பட்ட அதே இடத்தில், அடுக்கு முறைக்கு 99,999 போதும். ஒவ்வோர் எண்ணும் உச்சியோடு ஒருமுறை மோதிப் பார்த்துவிட்டு மேலே அமர்ந்துவிடும்.

ஒரு தனிப் படியின் செலவைப் பார்த்து முழுச் செலவை மதிப்பிடக் கூடாது என்பது இதில் அடங்கியுள்ள கருத்து. 99,999 எண்கள் இறங்கிவந்து, கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று வந்தால், அந்த ஒரே படியில் 99,999 வெளியேற்றங்கள் நடக்கும். ஆனால் அதற்கு முந்தைய படிகள் எதுவும் யாரையும் வெளியேற்றவில்லை. அவை மிச்சம் பிடித்ததையே கடைசிப் படி செலவழிக்கிறது. செயல்களின் தொடரை மொத்தமாக எடுத்துக்கொண்டு செலவைப் பங்கிட்டுப் பார்க்கும் இந்தக் கணக்கீட்டு முறைக்கு, அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ராபர்ட் டார்ஜன் 1985-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் முறையான வடிவம் தந்தார்.

சமமான எண்கள் வரும்போது

நிரலில் உள்ள `<` என்ற ஒற்றைக் குறி, கேள்வி என்ன என்பதையே தீர்மானிக்கிறது. அதை `<=` என்று மாற்றினால், சமமான எண்ணும் முன்னதை வெளியேற்றும். அப்போது இடம் 4-இல் உள்ள 35-க்கு, இடம் 5-இல் உள்ள 35 விடையாகிவிடும். இது தவறான நிரல் அன்று. 'அடுத்த பெரிய அல்லது சமமான உறுப்பு' என்ற வேறொரு கேள்விக்குச் சரியான நிரல். எந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்று தெரியாமல் எழுதும்போதுதான் அது பிழையாகிறது. 35, 35 என்று இரண்டே எண்கள் கொண்ட அணியைக் கொடுத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். 'பெரிய' என்ற கேள்விக்கு விடை -1, -1. 'பெரிய அல்லது சமமான' என்ற கேள்விக்கு விடை 1, -1.

இந்த அடுக்கு, கேட்காத இன்னொரு விடையையும் தருகிறது. ஓர் இடம் உள்ளே செல்லும் கணத்தில், அதற்கு நேர் கீழே இருப்பது எது? தன்னைவிடச் சிறியவை எல்லாம் அதற்குள் வெளியேறிவிட்டன. எனவே நேர் கீழே இருப்பது, இடப்பக்கத்தில் தனக்கு மிக அருகில் உள்ள, தன்னைவிடப் பெரிய அல்லது தனக்குச் சமமான எண். ஆகவே ஒரே நடையில் இரு பக்கத்து எல்லைகளும் கிடைத்துவிடுகின்றன. வலப்பக்கம் கண்டிப்பாகப் பெரியது, இடப்பக்கம் பெரியது அல்லது சமமானது என்ற இந்தச் சாய்வு முதல் பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றலாம். ஆனால் சில கணக்குகளில் இதுதான் தேவை.

அணியிலிருந்து அடுத்தடுத்த சில எண்களைத் துண்டாக எடுத்தால், ஒவ்வொரு துண்டுக்கும் உச்ச எண் ஒன்று இருக்கும். எத்தனை துண்டுகளில் எந்த இடம் உச்சமாக அமைகிறது என்று கணக்கிட வேண்டும் என்று கொள்ளலாம். ஓர் இடம் i-க்கு இடப்பக்க எல்லை L என்றும் வலப்பக்க எல்லை R என்றும் இருந்தால், துண்டு தொடங்குவதற்கு i - L வாய்ப்புகள், முடிவதற்கு R - i வாய்ப்புகள். இரண்டையும் பெருக்கினால் விடை. எல்லை இல்லாத பக்கத்தில் L-ஐ -1 என்றும் R-ஐ 8 என்றும் கொள்ள வேண்டும்.

இடம் 4-க்கு L = 1, R = 6. எனவே 3 × 2 = 6 துண்டுகள். இடம் 5-க்கு, சமமான 35 இடப்பக்கத்தில் ஒட்டியே நிற்பதால் L = 4; R = 6. எனவே 1 × 1 = 1. இப்படியே எட்டு இடங்களுக்கும் கணக்கிட்டால் 1, 10, 2, 1, 6, 1, 14, 1 என்று வருகிறது. கூட்டுத்தொகை 36. எட்டு எண்களிலிருந்து எடுக்கக்கூடிய துண்டுகளின் எண்ணிக்கை 8 × 9 / 2, அதுவும் 36. ஒரு துண்டும் விடுபடவில்லை, ஒன்றும் இருமுறை எண்ணப்படவில்லை.

இரு பக்கமும் 'பெரியது' என்றே வைத்திருந்தால், இடம் 5-இன் L ஒன்றாகி, அதன் பங்கு 4 × 1 = 4 ஆகும்; கூட்டுத்தொகை 39. இரண்டு 35-களும் உள்ள மூன்று துண்டுகள் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன. இரு பக்கமும் 'பெரியது அல்லது சமமானது' என்று வைத்திருந்தால், இடம் 4-இன் R ஐந்தாகி, அதன் பங்கு 3 × 1 = 3 ஆகும்; கூட்டுத்தொகை 33. அதே மூன்று துண்டுகள் யார் கணக்கிலும் சேராமல் விடுபட்டுவிட்டன. ஒரு பக்கம் சமத்தை ஏற்று, மறு பக்கம் ஏற்காமல் இருந்தால் மட்டுமே, அந்தத் துண்டுகள் முதலில் வந்த 35-இன் கணக்கில் ஒருமுறை சேர்கின்றன. கூட்டுத்தொகை n(n+1)/2 ஆகிறதா என்று பார்ப்பது, சமக்குறி சரியான இடத்தில் உள்ளதா என்பதற்கு நல்ல சோதனை.

வழக்கமாக நேரும் பிழைகள்

நிரல் சிறியது என்றாலும் மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. ஒவ்வொன்றும் விடையில் தனக்கே உரிய தடயத்தை விட்டுச் செல்கிறது.

முதலாவது, `while` இருக்க வேண்டிய இடத்தில் `if` எழுதுவது. அப்போது ஒவ்வொரு புதிய எண்ணும் ஒரே ஓர் இடத்தைத்தான் வெளியேற்றும். எடுத்துக்காட்டில் 35 வரும்போது 32 மட்டும் வெளியேறும். 33 உள்ளேயே இருக்க, அதன்மேல் 35 அமரும். அடுக்கில் எண்கள் 36, 33, 35 என்று நிற்கும். இறங்கும் ஒழுங்கு அங்கேயே உடைந்துவிட்டது. முடிவில் 1, 2, 4 ஆகிய இடங்களுக்கு விடை இருந்தும் -1 என்று காட்டும். எதிர்பாராத -1-கள் கூடுதலாகத் தென்பட்டால், ஓட்டத்தின் முடிவில் அடுக்கில் மிஞ்சிய எண்களை எழுதிப் பார்க்க வேண்டும். சரியான நிரலில் அவை ஏறுமுகமாக இருக்கவே முடியாது. இங்கே 36, 33, 35, 37, 31 என்று மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, எண்ணுக்குப் பதிலாக இடத்தை ஒப்பிடுவது. `a[stack[-1]] < a[i]` என்பதற்குப் பதிலாக `stack[-1] < a[i]` என்று எழுதிவிட்டால் நிரல் எந்த முறையீடும் இல்லாமல் ஓடும். இந்த எடுத்துக்காட்டில் இடங்கள் 7-க்கு மேல் போவதில்லை, எண்கள் 31-க்குக் கீழ் வருவதில்லை. எனவே ஒவ்வோர் ஒப்பீடும் 'ஆம்' என்றே முடியும். விடை 1, 2, 3, 4, 5, 6, 7, -1 என்று படிக்கட்டாக வரும். எல்லா இடத்துக்கும் அடுத்த இடமே விடையாக வந்தால் முதலில் இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அடுக்கு காலியா என்று பார்க்காமல் உச்சியைப் படிப்பது. `while stack and` என்பதில் `stack and` விடுபட்டால், பைத்தான் முதல் எண்ணிலேயே `IndexError: list index out of range` என்று நிறுத்திவிடும். சி++ மொழியில் காலி அடுக்கின் உச்சியைக் கேட்டால் என்ன நடக்கும் என்று மொழியின் விதி உறுதி தருவதில்லை. நிரல் நிற்காமல் தவறான விடையோடு தொடரவும் கூடும்.

இவற்றைப் பிடிக்கச் சிறந்த வழி, தொடக்கத்தில் கண்ட நேரடி வழியையே சோதனைக்குப் பயன்படுத்துவது. ஐந்தாறு எண்கள் கொண்ட அணிகளைக் குருட்டாம்போக்கில் உருவாக்கி, இரண்டு முறைகளின் விடைகளையும் ஒப்பிட வேண்டும். எண்களை 1 முதல் 4 வரை என்பதுபோலச் சிறு எல்லைக்குள் எடுக்க வேண்டும். பெரிய எல்லையிலிருந்து எடுத்தால் சமமான எண்கள் அரிதாகவே வரும். `<`, `<=` குழப்பம் சோதனையில் சிக்காமல் தப்பிவிடும்.

வலமிருந்து இடமாக, வட்டமாக

இதே கணக்கை வலமிருந்து இடமாகவும் செய்யலாம். அப்போது அடுக்கில் இருப்பவை விடைக்காகக் காத்திருக்கும் இடங்கள் அல்ல. விடையாகத் தகுதியுள்ள இடங்கள். புதிய எண் வந்ததும், அதைவிடச் சிறியவையும் சமமானவையும் நீக்கப்படும். பிறகு உச்சியில் எஞ்சியிருப்பதுதான் புதிய இடத்தின் விடை. நீக்கப்பட்டவை இனித் தேவைப்படமாட்டா. அவற்றைவிடச் சிறியதல்லாத எண் ஒன்று, இடப்பக்கத்தில் இருப்பவற்றுக்கு அவற்றைவிட அருகில் வந்துவிட்டது. எடுத்துக்காட்டில் இடம் 1-இன் 36 வரும்போது அடுக்கில் உள்ள 33, 35 இரண்டும் நீங்கி, 37 உச்சிக்கு வரும், விடை 6.

செலவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை, பயன்பாட்டில் உண்டு. வலமிருந்து நடக்க, அணி முழுவதும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். இடமிருந்து நடக்கும் முறையில், எண்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்போதே விடைகளை எழுதலாம். நாள்தோறும் வெப்பநிலை பதிவாகும் இடத்தில், இன்றைய எண் வந்தவுடனே எந்தெந்தப் பழைய நாள்களுக்கு அது விடை என்று சொல்லிவிட முடியும்.

அணியின் முடிவுக்குப் பின் மறுபடியும் தொடக்கம் வருவதாகக் கொள்ளும் வட்டக் கணக்கும் உண்டு. அதற்கு அணியை இருமுறை நடக்க வேண்டும். I என்ற இடத்துக்குப் பதிலாக `i % n` என்று படிக்க வேண்டும். இடங்களை அடுக்குக்குள் வைப்பது முதல் சுற்றில் மட்டும் போதும். இரண்டாம் சுற்று, மிஞ்சியவற்றுக்கு விடை தேடுவதற்காக. எடுத்துக்காட்டின் முதல் சுற்றில் 6, 7 மிஞ்சின. இரண்டாம் சுற்றில் இடம் 0-இன் 34 வந்ததும், 31-க்கு விடை கிடைத்துவிடுகிறது. 37 அணியிலேயே பெரியது. எத்தனை சுற்று நடந்தாலும் அதற்கு விடை வராது.

இந்த அடுக்கால் ஆகாதவை

எண்கள் இறங்கிக்கொண்டே வந்தால் அடுக்கும் வளர்ந்துகொண்டே போகும். மோசமான நிலையில் n இடங்களையும் அது சுமக்க வேண்டியிருக்கும். முடிவே இல்லாமல் வரும் தரவுகளில் இதை நினைவில் கொள்ள வேண்டும். மொத்தச் செலவு குறைவு என்றாலும், ஒரு தனிப் படி நெடுநேரம் எடுக்கக்கூடும் என்பதையும் மேலே கண்டோம். ஒவ்வொரு படியும் குறித்த நேரத்துக்குள் முடிந்தாக வேண்டிய கருவிகளில் அது பொருட்படுத்த வேண்டிய தாமதம்.

கேள்வியின் வடிவமும் முக்கியம். அடுத்த சிறிய உறுப்பு வேண்டுமென்றால், ஒப்பீட்டுக் குறியைத் திருப்பினால் போதும். அடுக்கு இறங்குவதற்குப் பதிலாக ஏறும். ஆனால் வலப்பக்கத்தில் தன்னைவிடப் பெரியவற்றுள் மிகச் சிறியது எது என்ற கேள்விக்கு இந்த முறை உதவாது. அங்கே தேவைப்படுவது அருகாமை அன்று, மதிப்பின் வரிசை. அதற்கு வரிசைப்படுத்திய அமைப்பு ஒன்று வேண்டும். அணியின் எண்கள் இடையிடையே மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தாலும் இந்த முறை பயன்படாது. வெளியேறிய இடங்களை அடுக்கு மறந்துவிடுகிறது. பழைய எண் ஒன்று மாறினால், எந்த விடைகள் பாதிக்கப்பட்டன என்று அதனிடம் கேட்டறிய வழியில்லை. அத்தகைய இடங்களில் அணியைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றின் உச்ச எண்ணையும் வைத்திருக்கும் மர அமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். அதில் ஒரு மாற்றத்துக்கும் ஒரு கேள்விக்கும் n-இன் மடக்கை அளவு வேலை போதும். எண்கள் மாறாமல் நின்று, ஒவ்வோர் இடத்துக்கும் அருகில் உள்ள பெரியது மட்டும் தேவைப்படும் கணக்குகளுக்கு, ஒரே நடையில் முடியும் இந்த அடுக்கே போதுமானது.